நட்டு அசையாத அன்று தூக்குநூல் காட்டியது

பயிற்சி ஃபிட்டராகச் சேர்ந்த முதல் வருடம், ஒரு தண்ணீர் பம்பின் டெலிவரி ஃபிளாஞ்ச்சை, அதாவது வெளியேற்றுக் குழாயை இணைக்கும் விளிம்பை, கழற்ற வேண்டியிருந்தது. எட்டு எம்16 போல்ட்டுகள், எல்லாம் துருவேறி ஃபிளாஞ்ச்சோடு ஒட்டிப்போயிருந்தன. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தோம். போல்ட் தலையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து அது சுற்றாதபடி முட்டுக் கொடுத்துவிட்டு, நட்டில் 24 எம்எம் ரிங் ஸ்பேனரை மாட்டி அழுத்த ஆரம்பித்தேன். அசையவே இல்லை.

நட்டு எனக்கு நேராக இடுப்பு உயரத்தில் இருந்தது, இடப்பக்கம் கைப்பிடியை அழுத்தினால் கழலும். மாட்டிய வேகத்தில் கைப்பிடி கீழ்நோக்கிச் சாய்ந்து, படுக்கைமட்டத்திலிருந்து சுமார் 60 டிகிரி இறங்கி நின்றதை நான் கவனிக்கவில்லை. உடம்பைச் சாய்த்து நேர்கீழாக அழுத்தினேன். சீனியர் ஃபிட்டர் அண்ணன் வந்து பார்த்தார். "தம்பி, பலம் போடுறே, ஆனா பாதி நட்டுக்குப் போகல" என்றார். பிறகு பையிலிருந்து தூக்குநூலை எடுத்து என் கை இருந்த இடத்திலிருந்து தொங்கவிட்டார். நட்டின் மையத்துக்கும் அந்த நூலுக்கும் இடையே குறுக்காக அளந்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். என் கையோ நட்டிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருந்தது.

பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் என்று படித்ததை, பட்டறையில் டார்க் என்பதை, நான் உண்மையில் புரிந்துகொண்டது அந்த நூலைப் பார்த்தபோதுதான். நீளம் ஒரு விஷயம், கோணம் இன்னொரு விஷயம் என்று இரண்டாகப் படித்திருந்தேன், ஆனால் நட்டுக்குத் தெரிவது ஒரே ஒரு தூரம்தான்: நான் அழுத்தும் திசையில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் போகிறது என்பது. நான் 40 கிலோ பாரம் கொடுத்ததாக வையுங்கள், சுமார் 400 நியூட்டன். அதை 0.125 மீட்டரால் பெருக்கினால் 50 நியூட்டன் மீட்டர். டார்க்கை τ என்று வைத்துச் சூத்திரமாக எழுதினாலும் இதேதான்: F என் விசை, r நட்டின் மையத்திலிருந்து கை வரை 0.25 மீட்டர், θ கைப்பிடிக்கும் விசைக்கும் இடையே உள்ள 30 டிகிரி, அதன் சைன் 0.5.

τ = F × r × sin θ

மீதி அழுத்தம் எங்கே போகிறது? கைப்பிடியின் நீளவாக்கில். அது நட்டை ஒரு இம்மிகூடத் திருப்பாது, ஸ்பேனரை நட்டிலிருந்து விலக்கத்தான் பார்க்கும். திறந்த வாய் ஸ்பேனரென்றால் அப்படியே வழுக்கி விரல் முட்டி ஃபிளாஞ்ச்சில் இடிக்கும், நட்டின் முனையும் மழுங்கும்.

ரிங் ஸ்பேனரில் பன்னிரண்டு பல், ஒரு பல் 30 டிகிரி. கழற்றி இரண்டு பல் மேலே மாட்டினால் கைப்பிடி படுக்கைமட்டம். இப்போது நூல் முழு 25 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது, அதே அழுத்தத்துக்கு 100 நியூட்டன் மீட்டர். அப்படியும் நட்டு விடவில்லை. சரி, 8.8 என்ற வலிமைத் தரத்து எம்16 போல்ட்டை இறுக்கவே சுமார் 200 நியூட்டன் மீட்டர் வேண்டும், துரு அதற்கு மேல் கேட்கும்.

அப்புறம் கைப்பிடியில் ஒரு ஜிஐ பைப்பைச் செருகினார். கை மையத்திலிருந்து 75 சென்டிமீட்டருக்குப் போனது, 300 நியூட்டன் மீட்டர். 'டக்' என்று ஒரு சத்தம், நட்டு விட்டது. பலம் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. நட்டு 30 டிகிரி திரும்ப, ஸ்பேனரை மட்டும் பிடித்திருந்தால் கை 13 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், பைப்போடு 39 நகர வேண்டும். மூன்று மடங்கு தூரம் நடந்துதான் மூன்று மடங்கு திருப்பம் வாங்குகிறோம். கோணம் தப்பினால், கை போகும் பாதைக்குக் குறுக்கே வீணாக அழுத்துகிறோம்.

ஆனால் பைப் போட்டால் போல்ட்டின் பேச்சைக் கேட்க வேண்டும். விடுகிற நட்டு சட்டென்று விடும். சத்தமில்லாமல் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினால் நட்டு திரும்பவில்லை, போல்ட்டே முறுகுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட்டு எண்ணெயோ சூடோ கொடுக்க வேண்டும்.

மூன்றாவது நட்டுக்குப் பக்கவாட்டில் சப்போர்ட் கம்பி தடுத்தது, ஸ்பேனரை நேர்மேலாக மட்டுமே மாட்ட முடிந்தது. அங்கே எடையைக் கீழே போட்டிருந்தால் கோடு மையத்தின் வழியாகவே போயிருக்கும், திருப்பம் பூஜ்யம். சுவரில் முதுகை ஊன்றி, கைப்பிடியின் நுனியை இடப்பக்கமாகப் படுக்கைவாக்கில் தள்ளினேன். பைப் இல்லாமலே கழன்றது.