உப்புக்கரைசல் தூண்: 1.137 இல் மாட்டி மூன்று நாள்

மொட்டைமாடியில், வெயிலின் சூட்டை அடியில் பிடித்து வைக்கும் ஒரு சின்னச் சூரியக் குளம் கட்ட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அடியில் கனத்த உப்புத்தண்ணீர், மேலே நன்னீர், நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட படை. அதற்கு முதல், ஒவ்வொரு ஆழத்திலும் அடர்த்தியையும் அமுக்கத்தையும் வீட்டுச் சாமான்களை வைத்தே அளக்க முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. ஆனால் நான் எதிர்பார்க்காத இடத்தில் மூன்று நாள் போனது.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 250 கிராம் உப்பு என்று கணக்கு. சாரடர்த்தி 1.25 தானே என்றான் தம்பி. கரைசலின் கனவளவு ஒரு லீற்றரிலேயே நின்றால்தான் அது சரி. உண்மையில் கரைசல் ஏறக்குறைய 1,090 மில்லிலீற்றராகப் பெருகும், அதனால் 1.147 அளவில்தான் வரவேண்டும். உப்புப் பளிங்கின் கனவளவைத் தண்ணீரோடு கூட்டிப் பார்த்தாலும் பிழைதான். அப்படிக் கூட்டினால் 1,115 வரும், ஆனால் கரையும்போது உப்பு அவ்வளவு இடம் எடுப்பதில்லை.

அளக்கப் போத்தல் முறை. வெறும் போத்தல் 310 கிராம், தண்ணீர் நிரப்பினால் 842. அப்படியானால் தண்ணீர் 532 கிராம். அதே போத்தலை அதே விளிம்பு வரை கரைசலால் நிரப்பினேன்: 915. 605 ஐ 532 ஆல் பிரித்தால் 1.137. போத்தலின் கொள்ளளவு தெரியத் தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் அழகு. சமையலறைத் தராசு ஒரு கிராம் பிசகினாலும் விடையில் 0.002 தான் மாறும்.

அப்படியானால் அந்த 0.01 எங்கே போனது? காற்றுக்குமிழி ஒட்டியிருக்கும் என்று போத்தலைத் தட்டித் தட்டி அலுத்தேன். கரையும்போது கரைசல் கொஞ்சம் குளிரும் என்பதால், அறை வெப்பநிலைக்கு வர ஒரு இரவு விட்டும் பார்த்தேன். மாற்றமே இல்லை. கடைசியில் சந்தேகம் உப்பிலேயே விழுந்தது. புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிய கல் உப்பு, மழைக்காலத்தில் சாக்கைத் திறந்து வைத்தே விற்றார்கள். 250 கிராமை அளந்து, வெறும் சட்டியில் சிறு நெருப்பில், வெடிப்பு நிற்கும் வரை வறுத்தேன். 233 கிராம்! 17 கிராம் தண்ணீருக்கும் உப்பு விலை கொடுத்திருக்கிறேன். வறுத்த உப்பில் திரும்பவும் செய்தபோது போத்தல் 920 காட்டியது, அதாவது 1.147. அம்மா வழக்கமாக முட்டை மிதக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு கரைசலிலும் முட்டை மிதந்தது, அதனால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க அது உதவாது.

அடுத்தது அமுக்கம். ஒரு முனை அடைத்த பிவிசி குழாயை நிறுத்தி, 700 கிராம் வறுத்த உப்பை 2.8 லீற்றர் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மேசன்மார் பிடிக்கிற லெவல் டியூபில் ஒரு யூ வளைவு, உள்ளே நிறத் தண்ணீர். மீன் தொட்டிக்கடை டீ மூட்டில் ஒரு கை யூவுக்கு, ஒரு கை சிரிஞ்சுக்கு, மூன்றாவது கரைசலுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்க்கு. சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளினால் அடிநுனியால் குமிழி வரும். கடைசிக் குமிழி வந்து நின்றதும், குழாய்க்குள் இருக்கும் காற்றின் அமுக்கமும் நுனியின் ஆழத்திலுள்ள கரைசலின் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்று. யூவில் இரண்டு நீர்மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதைச் சொல்லும்.

முதலில் வெறும் தண்ணீரில் நுனியை 100 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்தேன்: 100.5. அந்த அரை சென்ரிமீற்றர் குமிழியின் மேற்பரப்பு இழுவிசையால் வருவது, கழித்துவிடலாம். கரைசலில் 115 வரவேண்டும். 111 வந்தது, பார்த்துக்கொண்டிருக்கவே 107 ஆக இறங்கியது. அளவு தானாக இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். டீ மூட்டில் சவர்க்கார நுரை தடவினேன், நுரை பொங்கியது. நாற்பது ரூபா மூட்டு! வேறொன்று வாங்கி மாட்டினேன். இப்போது 114.9, ஐந்து நிமிடம் அசையவில்லை.

அரை சென்ரிமீற்றரைக் கழித்தால் 114.4, அதாவது 11.19 கிலோ பஸ்கால். போத்தலின் 1.147 ஐ வைத்து ρgh கணக்கிட்டால் (கொழும்பில் g 9.78) 11.22. இதைவிட நெருங்கி வர இந்தச் சாமான்களால் முடியாது. பிவிசி குழாயின் அகலம் கணக்கில் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். மெல்லிய குழாயாக இருந்தாலும் இதே அளவுதான் வரும், உப்பு மட்டும் மிச்சமாகும்.

போத்தல் தனக்குள் இருக்கும் கரைசலைப் பற்றித்தான் சொல்லும், யூவோ நுனிக்கு மேலே உள்ள முழுத் தூணின் பாரத்தையும் சொல்லும். அதனால் மூன்று படை ஊற்றிய பிறகு நுனியைப் பத்துப் பத்து சென்ரிமீற்றராக இறக்கப் போகிறேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் யூவில் 10 கூடினால் அங்கே நன்னீர், 11.5 கூடினால் கனத்த கரைசல். படை கலையாமல் ஊற்ற மிதக்கும் பலகை ஒன்று வேண்டும். தெர்மோகோல் துண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய மூட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், கடை பூட்டு.