சொல் கிடைக்கும்வரை

இந்த நாட்டுக்கு வந்த ஏழாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, மொழி வகுப்பில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை பலகையில் எழுதியது எதுவும் மனத்தில் ஏறவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கே விளங்கியது, நான் அந்த நாற்காலிக்காரர் வருவதற்காகக் காத்திருக்கிறேன் என்று.

அதுவரை என் மனம் யாரிடம் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் பேச்சுக்காரர்கள். ஒரு வரியைப் பிடித்து மூன்று பக்கம் திருப்பிக் காட்டுகிறவர்கள், நிறையப் படித்தவர்கள், வாதத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள். கல்லூரியிலும் அப்படி ஒருவர், பிறகும் அப்படி ஒருவர். இவரோ லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். என்னைப் போலவே வேறொரு தேசத்திலிருந்து வந்தவர். எங்கள் தாய்மொழிகளுக்குள் ஒரு சொல்கூடப் பொதுவில்லை. இந்த நாட்டு மொழியை இருவரும் தட்டுத்தடுமாறிப் பேசுகிறோம். தாய்மொழியிலும் தான் அதிகம் பேசாதவன் என்று முதல் வாரமே சொல்லியிருந்தார்.

அவரை நான் முதலில் கவனித்தது ஒரு சின்ன விஷயத்தால். எழுந்து நின்று பேச வேண்டிய முறை என்னுடையது. பாதி வாக்கியத்தில் ஒரு சொல் வரவில்லை. அப்படி நிற்கும்போது சுற்றியிருக்கிறவர்கள் ஆளுக்கொரு சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் என் வாயிலிருந்து வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். அன்று அவர் சொல் எதுவும் கொடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி, அழிப்பான் தூளைக் கட்டைவிரலால் மெதுவாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். சொல் கிடைத்து நான் முடித்த பிறகு பக்கத்தைப் புரட்டினார். நான் கூச்சப்படக்கூடாது என்றுதான் அவர் நிமிரவில்லை என்பது அடுத்தடுத்த வகுப்புகளில் புரிந்தது. எல்லோருக்கும் அவர் அப்படித்தான் செய்தார்.

ஊரில் இருந்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது. அங்கே எனக்குச் சொல் தேட வேண்டிய தேவையே வந்ததில்லை. நான் ஒருவரை எடைபோட்ட கருவி முழுக்க என் மொழிக்குள் இருந்தது. யார் கூர்மையாகப் பேசுகிறார், யார் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறார், யார் பாவனை செய்கிறார் என்பதெல்லாம் தமிழில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். புது மொழியில் எல்லோரும் ஒரே எளிய வாக்கியத்தைத்தான் சொல்கிறோம். அந்தக் கருவி வேலை செய்யாமல் போனபோது வேறு சில தெரியத் தொடங்கின. ஒருவர் எப்படிக் கேட்கிறார், காத்திருக்கிறார், தன்னைவிட மெதுவாகப் படிப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம். அவை முன்பும் என்னைச் சுற்றி இருந்திருக்கும். பேச்சின் வெளிச்சத்தில் நான் பார்க்கவில்லை.

அதற்காக இந்த ஈர்ப்பை அப்படியே நம்பிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. உளவியல் படித்தவள் நான். ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே விருப்பத்தை வளர்க்கும் என்பது பழைய பாடம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடத்தி 1992-இல் வெளியான ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. தோற்றத்தில் ஏறத்தாழ ஒத்த நான்கு பெண்களை ஒரு வகுப்புக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் வரச்செய்தார்கள்: ஒருத்தி வரவே இல்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை. அந்தப் பெண்கள் மாணவர்கள் யாரிடமும் பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகமுறை வந்தவளையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. நானோ வாரம் இரண்டு நாள் ஒரே மேசையில் இவருக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். புது ஊரில் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிகிற முகங்களே நான்கைந்துதான்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் கனமானது. வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு தாள் குறைகிறது என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். தவணை முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. நான் கேட்காமலே மறுநாள் அவர் வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். தாள் கிடைத்தது, வேலை முடிந்தது. அன்றிரவு எனக்கு அவர்மேல் பொங்கியதைக் காதல் என்றே சொல்லியிருப்பேன்.

1974-இல் வெளியான தொங்குபால ஆய்வு அன்றிரவே நினைவுக்கு வந்தது. கனடாவில், உயரத்தில் ஆடுகிற கப்பிலானோ பாலத்தைக் கடந்துவந்த ஆண்களை ஓர் இளம்பெண் சந்தித்துச் சில கேள்விகள் கேட்டு, தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். தாழ்வான, உறுதியான வேறொரு பாலத்திலும் அதையே செய்தாள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் பிறகு அவளை அழைத்தார்கள். உறுதியான பாலத்தில் 16 பேரில் 2 பேர் மட்டும். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம், பயத்தில் படபடத்த நெஞ்சை எதிரில் நின்றவள் ஏற்படுத்திய படபடப்பென்று மனம் எடுத்துக்கொண்டது என்பதுதான். சிறிய ஆய்வுதான், ஆனால் எனக்கு அது உறைத்தது. ஏழு மாதமாக நான் ஆடும் பாலத்தின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறேன். அங்கே கைகொடுக்கிற யாரும் பேரழகாகத் தெரிவார்கள்.

ஆகவே எனக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். ஆறு வாரத்துக்கு அவரிடம் எந்த உதவியும் கேட்பதில்லை. கடிதம், படிவம், அலுவலகம் எதுவானாலும் நானே முட்டிமோதிப் பார்ப்பேன், இல்லையென்றால் வேறு யாரையாவது கேட்பேன். என் மனம் நிலையாக இருக்கிற நாளில் மட்டும் வகுப்புக்கு வெளியே அவரைச் சந்திப்பேன். நல்லவேளையாக நடுவில் மூன்று வாரம் வகுப்பு விடுமுறையும் வந்தது.

விடுமுறையின் முதல் வாரத்தில் ஈர்ப்பு சரசரவென்று இறங்கியது. முகத்தைப் பார்த்துப் பழகிய பழக்கம் அவ்வளவுதானா என்று ஏமாற்றமாகவும் இருந்தது. இரண்டாம் வாரம் வேறொன்று நடந்தது. பஸ்ஸில் ஒரு சிறுவன் தன் தங்கைக்கு நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தான். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பது தனிமை. அது எனக்கு நன்கு பழகிய உணர்வு. இதில் கேட்கிறவர் யாரென்று நிச்சயமாக இருந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

சந்திப்புகள் எல்லாம் நன்றாகப் போயின என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது முறை நாற்பது நிமிடம் நடந்தோம், பேச்சே எழவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. வீடு திரும்பும்போது, இதுதான் வாழ்க்கை முழுதும் என்றால் என்னால் முடியாது என்று திட்டமாகத் தோன்றியது. ஆனால் அந்த மௌனம் சொல் இல்லாததால் வந்ததா, சொல்ல ஒன்றும் இல்லாததால் வந்ததா என்பது தெரியாமல் முடிவெடுக்கக்கூடாது. அடுத்த முறை அவருக்குத் தெரிந்ததைக் கேட்டேன்: கம்பி அறுந்தால் லிஃப்ட் விழுந்துவிடாதா?

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கம்பி ஒன்றல்ல, பல, என்று கோடுகள் போட்டார். பெட்டியோடு இணைந்து சுழலும் ஒரு சக்கரத்தை வரைந்தார். பெட்டி அளவுக்குமேல் வேகமெடுத்தால் அந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளும், உடனே பெட்டியின் கீழே உள்ள கவ்விகள் இருபுறத் தண்டவாளங்களையும் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் என் நோட்டின் இரு ஓரங்களில் வைத்து அழுத்திக் காட்டினார். "உள்ளே இருப்பவர்களுக்குப் பயம் வரும். ஆனால் விழ மாட்டார்கள்," என்றார், இலக்கணப் பிழையோடு. இருபது நிமிடம் பேசினார். எனக்குப் புரிகிறதா என்று ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்தார். பேச்சுக்காரர்களிடம் நான் அதைக் கண்டதில்லை.

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் சற்று நேரம் கேட்டுவிட்டு, "முன்பெல்லாம் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவர் என்ன சொன்னார் என்று சொல்வாய். இவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர் என்ன செய்தார் என்பதாகவே இருக்கிறது," என்றாள். அதன்பிறகு ஒரு மாலை உட்கார்ந்து, முன்பு பிடித்துப்போனவர்களை ஒரு தாளில் எழுதினேன். எது இழுத்தது என்று ஒரு பக்கம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது என்று மறுபக்கம். இழுத்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. செவ்வாய்க்கிழமைகளும் ஒரே மாதிரிதான் இருந்தன: நான் பேசி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

கடைசியாக மிஞ்சியது ஒரு கவலை. அவர் கண்டது இந்த மொழியில் தட்டுத்தடுமாறுகிற என்னை. தமிழில் நான் வேகமானவள், வாயாடி, சண்டைக்காரி. மொழி கைவந்தபின் அவள் திரும்பி வருவாள். அவளை அவருக்குப் பிடிக்குமா? அடுத்த சந்திப்பில் அக்கா அழைத்தபோது எழுந்து தள்ளிப் போகாமல் அவர் எதிரிலேயே பேசினேன். ஏதோ வீட்டு விஷயத்தில் வாக்குவாதம், பிறகு சிரிப்பு. வைத்தபின் அவர் சொன்னார்: "உன் கை வேறு மாதிரி அசைகிறது. வாக்கியம் முடிவதற்கு முன்பே சிரிக்கிறாய். இந்த ஆளை எனக்கு இன்னும் தெரியாது." பிறகு, "தெரிந்துகொள்ள முடியுமா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நான் முழு நிச்சயத்தில் இல்லை, எங்கே போய் முடியும் என்றும் தெரியாது, அவரைச் சோதனைப் பொருளாக வைத்திருக்கவும் எனக்கு விருப்பமில்லை. இவ்வளவையும் சொல்ல எனக்கு நிபந்தனை வாக்கியம் வேண்டும். அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. "எனக்கு விருப்பம்," என்று தொடங்கினேன். "இன்னும் எனக்கு..." அடுத்த சொல் வரவில்லை.

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அன்று வரைந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். நான் தேடி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.