நாலு தண்ணி போனால்

"தம்பி, துணி நல்லா வழுவழுன்னுதான் இருக்குது. ஆனா ஈரம் உள்ள இறங்காம மேலயே நிக்குதே?" என்று அவிநாசி அக்கா போனில் கேட்டார். "நாலு தண்ணி போனாச் சரியாயிடுமுங்க அக்கா" என்றேன். திருப்பூரில் பினிஷிங் வேலை பார்க்கிற யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பக்கவாதம் வந்து படுத்த தன் மாமனாருக்கு விரிக்க அக்கா துணி கேட்டிருந்தார். கொடுத்தது நூறு சதவீதக் காட்டன் இன்டர்லாக் பின்னல் துணி. இருபுறமும் ஒரே முகம், சுருளாது, நன்றாக இழுபடும். நூலிலும் பின்னலிலும் குறை சொல்ல முடியாது. கோளாறு கடைசிக் கட்டத்தில் இருந்தது. சாயம் முடிந்த துணியைக் காய வைப்பதற்கு முன் சாஃப்ட்னர் குளியலில் முக்கிப் பிழிவார்கள். சாதாரண சிலிக்கான் சாஃப்ட்னர் ஒவ்வொரு இழைமேலும் மெல்லிய படலமாக உட்காரும். கடைக்காரர் கன்னத்தில் வைத்துப் பார்த்து மயங்குகிற வழுவழுப்பு அந்தப் படலத்தால் வருவது. தண்ணீரைத் துணிக்குள் விடாமல் தடுப்பதும் அதே படலம்தான். பயோவாஷ் வேறு விஷயம். அது என்சைமை வைத்து மேலே துருத்தும் பஞ்சு முடியைத் தின்ன வைப்பது, படலம் எதையும் விடாது. இரண்டும் கைக்கு மெத்தென்றே இருப்பதால் தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது.

துணிக்குப் போடும் மாவு, கஞ்சி எல்லாம் நாலு தண்ணியில் போகும். இந்தச் சிலிக்கான் இழையைப் பிடித்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது, பச்சைத் தண்ணீருக்கும் சோப்புக்கும் அவ்வளவு சீக்கிரம் அசையாது. தெரியாத விஷயமா இது? தெரியும். ஆனாலும் வாயில் பழைய வாசகம்தான் வந்தது.

சோதிக்க லேப் ஒன்றும் தேவையில்லை. டம்ளர் வாயில் துணியை இழுத்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். ஒரு விரற்கடை உயரத்திலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் மினுமினுப்பு மறையும்வரை எண்ண வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் மறைந்தால் அது உறிஞ்சுகிற துணி. சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் சொட்டு உருண்டு நின்றால், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் படுக்கைக்கு வேண்டாம். வீட்டில் போடுகிற வாசனைக் கண்டிஷனரும் மெல்ல மெல்ல இதே வேலையைச் செய்யும். முதியவரின் துணிக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

ஈரம் மேலே நின்றால் என்ன ஆகிறது? வயதாக ஆகத் தோலின் மேலடுக்கையும் உள்ளடுக்கையும் கோத்துப் பிடிக்கும் மேடு பள்ளங்கள் தட்டையாகிவிடும். லேசான உராய்வுக்கே மேல்தோல் வழன்றுவிடும். அதன்மேல் வியர்வையோ சிறுநீரோ தங்கினால், வாய்க்கால் தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய விரல்போலத் தோல் ஊறிப் போகும். ஊறிய தோல் துணியில் ஒட்டும். ஆளை இழுத்து நகர்த்தும்போது எலும்பும் சதையும் நகரும், தோல் மட்டும் விரிப்போடு நின்றுவிடும். வால் எலும்பின் மேல் நடப்பது இந்த இழுவைதான்.

இங்கே எனக்கு ஒரு வக்காலத்தும் உண்டு. படுக்கைப்புண் தடுப்புக்கான 2019ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டியே உராய்வு குறைந்த துணிகளைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அப்படியானால் வழுக்குகிற துணி கொடுத்தது தப்பா? தப்பில்லை என்று சில நாள் தோன்றும். ஆனால் அதற்கென்று நெய்கிற பட்டுப்போன்ற செயற்கைத் துணிகள் வழுக்கவும் செய்யும், ஈரத்தைத் தோலிலிருந்து கடத்தவும் செய்யும். சிலிக்கான் பூசிய இன்டர்லாக்கில் முதல் பாதிதான் உண்டு.

இன்னொரு வக்காலத்து, விரிப்புக்கு அடியில் இருந்தது. மெத்தை நனையக்கூடாதென்று அக்கா ரெக்ஸின் போட்டிருந்தார், அதன்மேல் ஒரு ஜமக்காளம், அதற்கும் மேல்தான் என் துணி. ரெக்ஸின் காற்றையே விடாது. பவானி ஜமக்காளத்தின் தடித்த இழையும் வரியும் கிழவரின் முதுகுக்கு மணல்தாள் மாதிரி. போதாததற்குச் சாப்பாடு கொடுக்க மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தவர்கள் அப்படியே விட்டிருந்தார்கள். தலைமாடு முப்பது டிகிரிக்கு மேல் உயர்ந்தே இருந்தால் உடம்பு மெல்லக் கீழே சறுக்கும். உயர்த்தத்தான் வேண்டுமென்றால் முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துவிட்டு அப்புறம் தலையை உயர்த்த வேண்டும், சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து இறக்கிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் எந்தத் துணியும் காப்பாற்றாது.

இதையெல்லாம் அடுக்கிக்கொண்டு மனசைத் தேற்றும்போதுதான், ஈரம் நிற்கிறதென்று அந்த அக்கா தானாகவே கண்டுபிடித்துச் சொன்னது ஞாபகம் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

மறுவாரம் வால் எலும்புக்கு மேலே நிறம் மாறியது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும், வெளுக்காமல் அப்படியே நின்றால் அழுத்தப் புண்ணின் முதல் படி என்பார்கள். நம் கறுத்த தோலில் அந்த வெளுப்பு சரியாகத் தெரியாது. சுற்றிலும் இருப்பதைவிடக் கறுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கிறதா என்று பார்த்து, புறங்கையை வைத்துச் சூட்டையும் இறுக்கத்தையும் ஒப்பிட வேண்டும். மாமாவுக்குச் சூடாக இருந்தது. தோல் திறக்கவில்லை. நர்ஸம்மா வந்து பார்த்து, ஜமக்காளத்தை உருவிவிட்டு, மல்லாத்தாமல் ஒருக்களித்து வைக்கச் சொல்லிப் போனார்.

அப்புறம் போட்டது மாமாவின் பழைய வேட்டி. வருஷக்கணக்கில் துவைத்து நைந்த துணியில் பூச்சு எதுவும் மிஞ்சியிருக்காது, சொட்டு விட்டதும் மறைந்துவிடும். ஆனால் கரையை அப்படியே விடக்கூடாது. சரிகை இல்லாத கரைகூட இறுக்க நெய்தது, இடுப்புக்கடியில் கோடாகப் பதியும். கரையைக் கிழித்து எடுத்து, ஓரத்தை மடித்துத் தைக்காமல் வைத்துக்கொண்டார்கள். தையல் மேடும் ஒட்டுப் போட்ட இடமும் உடம்புக்கடியில் வரக்கூடாது. வேட்டி சுருங்கிச் சுருங்கி வரும் என்பது உண்மை. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் நாலு முனையையும் இழுத்துவிட வேண்டும். ஈரத்தை உறிஞ்சினால் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் நனைந்தவுடன் மாற்ற வேண்டும். எட்டு துண்டாவது இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

துவைக்கிற தண்ணீரும் சொல்ல வேண்டியது. போர் தண்ணீர் உப்பு. சோப்போடு சேர்ந்து திரிந்து துணியில் படியும், காய்ந்ததும் அப்பளம்போல் விறைக்கும். கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணியில் செய்தால் போதும். ஈரத் துணியைக் கசக்கினால் நுரை வரக்கூடாது. காய்ந்ததும் உதறிக் கசக்கி விரிக்கலாம், கஞ்சி மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டு வாரத்தில் நிறம் பழையபடி ஆனது. எதனால் என்று யாரால் சொல்ல முடியும்? வேட்டியாலா, ஜமக்காளம் போனதாலா, ஒருக்களித்ததாலா, எல்லாம் ஒரே நாளில் மாறின. துணி காரணமில்லை என்று வாதாட எனக்கு வழி இருக்கிறது, அதுதான் காரணம் என்று சொல்லவும் வழி இருக்கிறது. ஒரு பார்ட்டி ஆர்டர் என்றால் தண்ணீர் உறிஞ்சும் ரக சிலிக்கான் போடச் சொல்லி ஷீட்டில் ஒரு வரி எழுதியிருப்பேன். விலை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

இன்டர்லாக் துணியை அக்கா துவைத்து மடித்து வைத்திருந்தார். போனபோது எண்ணிச் சொன்னார், பதினோரு தண்ணி போயிருந்ததாம். ரப்பர் பேண்ட் போட்டுச் சொட்டு விட்டேன். இருபது எண்ணியும் மினுமினுத்துக்கொண்டு நின்றது.

"தரை தொடைக்கவாவது ஆகுமான்னு பார்த்தேன் தம்பி" என்றார் அக்கா. "அதுக்கும் தண்ணியத் தள்ளிட்டுத்தான் போகுது."