சைரன் அடித்தால் எங்கே ஓடுவது?

கொடைக்கானலுக்கு வந்திருக்கும் நாகப்பட்டினத்து மச்சானிடம் கேட்டேன்: "சுனாமி சைரன் அடிச்சா எங்க போவீங்க?"

"பைக்கை எடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான் மாப்ள."

எல்லோரும் வண்டியை எடுத்தால் தெரு அடைத்துக்கொள்ளுமே!

2004 டிசம்பர் 26 காலை 6.28-க்கு சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. அலை நாகைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. எச்சரிக்கத்தான் ஏற்பாடில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் அதற்கென்றே மையம் இருக்கிறது. நிலநடுக்கம் பதிவான சில நிமிடங்களில் முதல் அறிக்கை வரும். ஆனால் நிஜமாகவே அலை கிளம்பியதா என்பதைக் கடலடி அழுத்தமானிகள் காட்டிய பிறகே உறுதி செய்வார்கள். அதுவரை காத்திருக்காமல் நடந்தே கிளம்பிவிட வேண்டும்.

நாகையில் ஏறி நிற்க மலையா இருக்கிறது? கடலைவிட்டு உள்ளே தள்ளிப் போகணும். நேரமில்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி. முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்பக் கூடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாகவும் வரலாம்.