விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது?

புதுச்சேரியில் ஒரு சிறிய ஓட்டலின் முன்பதிவுப் பிரிவில் நான் சேர்ந்தபோது, விருந்தினர் வருவதற்கு மூன்று நாள் முன்பு போகும் மின்னஞ்சல் ஒன்று தயாராக இருந்தது. கூடுதல் பணம் கட்டினால் கிடைக்கும் வசதிகளின் மூன்று படம், அடியில் ஆரஞ்சு நிறத்தில் ‘இப்போதே மேம்படுத்துங்கள்’ என்று ஒரு பொத்தான். பதில் வருவது அபூர்வம். வந்தாலும், “ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேனே, இன்னும் எதற்கு?” என்கிற தொனிதான்.

அதை மாற்றியது ஒரு தம்பதியின் வருகை. பாரிஸிலிருந்து வந்தவர்கள். அறை 12ஆம் தேதியிலிருந்து. விமானம் சென்னையில் இறங்கியதும் 12ஆம் தேதிதான், ஆனால் நள்ளிரவு 12.40க்கு. குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடித்து, மூன்று மணி நேரம் பயணித்து, விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்றார்கள். எங்கள் செக்-இன் மதியம் 2 மணி. அன்று ஒரு அறைகூடக் காலி இல்லை. வரவேற்பறை சோபாவிலேயே தூங்கிவிட்டார்கள்.

அதன்பின் மின்னஞ்சலின் முதல் வரி ஒரு கேள்வியானது: “உங்கள் விமானம் எது, எத்தனை மணிக்கு இறங்குகிறது?” நள்ளிரவு விமானம் என்றால் முந்தைய இரவுக்கும் அறை தேவைப்படும் என்று அங்கேயே சொல்லிவிடுவோம். விமான நிலையத்திலிருந்து அழைத்துவர எங்கள் வண்டி வேண்டுமா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். சுங்கம், இரவுக் கட்டணம், காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. விமானம் தாமதமானாலும் அதே தொகைதான் என்று ஒரு வரி. விமான நிலையத்திலேயே முன்பணம் கட்டி டாக்சி எடுக்கலாம் என்றும் எழுதினேன். மேலாளர் முகம் சுளித்தார். ஆனால் அந்த வரிக்குப் பிறகுதான் வண்டி கேட்பவர்கள் கூடினார்கள்.

அறை விஷயத்தில் வேறொரு சிக்கல். 7,000 ரூபாய் அறையிலிருந்து முற்றம் பார்த்த 8,000 ரூபாய் அறைக்கு மாற, “ஆயிரம்தான் கூடுதல்” என்று எழுதிவந்தோம். ஒரு நாள் வாடகை 7,500 வரை ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் முழு வாடகைக்கும் 18. ஆக 7,350 கட்டவேண்டியவர் 9,440 கட்டவேண்டும். வித்தியாசம் 2,090. பில் கையில் கிடைக்கும்போது ஆயிரம் என்று சொன்னவர்கள் பொய்யர்கள் ஆகிறோம். இப்போது வரியோடு 2,090 என்றே எழுதுகிறேன். கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், உண்மைதான். கிளம்பும்போது நடக்கும் சண்டையும் நின்றது.

கடைசி வரி: “எதுவும் வேண்டாமென்றால் பதில் எழுத வேண்டாம், உங்கள் அறை அப்படியே இருக்கும்.” நினைவூட்டல் அனுப்புவதில்லை. விமான நேரம் மட்டும் வராவிட்டால், முந்தின நாள் அதை மட்டும் கேட்டு ஒரு வாட்ஸ்அப். அதில் விலை எதுவும் இருக்காது.

போன வாரம் ஒருவர் எழுதிய பதில்: “வண்டி வேண்டும், அறை பழையதே போதும், முந்தைய இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.” அவருடைய விமானம் 1.15க்கு.