நாலு பேர் வீட்டின் மாதக் கணக்கு: ஒரு கடிதம் எழுதி முடிக்கும் வரை

2025 நவம்பர் 2, ஞாயிறு

பெருங்குடியில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீடு. பெரிய அறையில் இரண்டு பேர், சின்ன அறையில் இரவு ஷிப்ட் போகும் ஒருவர், ஹாலில் நான். வாடகைக்காக எங்களுக்குள் சண்டை வருவதில்லை. யாருக்கு எவ்வளவு என்று குடிவந்த அன்றே பேசி முடித்துவிடுகிறோம். உரசல் வருவது நெட், தண்ணி கேன், சமையல் அக்கா சம்பளம் இந்த மூன்றில்தான். அதுவும் தீபாவளி, பொங்கல் மாதங்களில். ஊருக்குப் போனவர் "நான் இல்லவே இல்லையே" என்பார், இருந்தவர் "அதற்கு நான் என்ன செய்ய" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படும்.

மூன்றையும் கூட்டி நாலால் வகுப்பதுதான் சிக்கலுக்குக் காரணம். ஒவ்வொரு செலவையும் தனியாக எடுத்து ஒரு கேள்வி கேட்டால் போதும்: ஒருவர் பத்து நாள் ஊருக்குப் போனால் இந்தச் செலவு குறையுமா? நெட் குறையாது. தண்ணி குறையும். அக்கா சம்பளம் குறையாது, குறையவும் கூடாது. ஆகவே மூன்றுக்கும் ஒரே விதி பொருந்தாது. மற்ற மூவருக்கும் இதைக் கடிதமாகவே எழுதித் தரப்போகிறேன். வாயால் பேசினால் அடுத்த மாதமே ஆளுக்கொரு மாதிரி நினைவிருக்கும்.

நவம்பர் 3, திங்கள்

முதலில் நெட். மாதம் 799 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 943. தலைக்கு 236 வைத்தால் சில்லறைப் பிரச்சினை இல்லை.

"வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்தான் அதிகம் இழுக்கிறார், அவர் கூடக் கொடுக்கட்டும்" என்பது பல வீடுகளில் கேட்கும் வாதம். இந்த மாதிரித் திட்டங்களில் பெரும்பாலும் மாதத்துக்கு 3,300 ஜிபி வரை வேகம் குறையாது. நாள் முழுக்க வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் ஒருவரால் அதை எட்ட முடியாது. ஒருவர் அதிகம் பயன்படுத்துவதால் பில் ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை என்னும்போது, கூடக் கேட்க இடமில்லை. அதே காரணத்தால் ஊருக்குப் போனவருக்குக் கழிவும் இல்லை. அறைச் சாவி கையில் இருக்கும் வரை நெட் பங்கு உண்டு.

விதிவிலக்கு ஒன்றுதான். தன் வேலைக்கு 200 எம்பிபிஎஸ் வேண்டும் என்று ஒருவர் 999 திட்டத்துக்கு மாற்றச் சொன்னால், வித்தியாசம் 200 ரூபாயும் அதற்கான வரி 36 ரூபாயும் அவர் பொறுப்பு. அதற்கு முன் லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து வேகம் பார்க்க வேண்டும். கேபிளில் முழு வேகம் வந்து, சின்ன அறையில் மட்டும் தடுமாறினால் குறை திட்டத்தில் இல்லை, நடுவில் நிற்கும் சுவரில் இருக்கிறது. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து நடைக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நவம்பர் 5, புதன்

தண்ணி. 20 லிட்டர் கேன், மாடி ஏற்றும் கூலியோடு 40 ரூபாய். அக்டோபரில் 22 கேன் வந்திருக்கிறது, 880 ரூபாய். இது உடம்புக் கணக்கு. இருந்தால் செலவாகும், இல்லாவிட்டால் ஆகாது. ஆகவே நாள் கணக்கு.

"நாள்" என்றால் என்ன என்று எழுதி வைக்காவிட்டால் அதிலேயே தகராறு வரும். இரவு தங்கினால் ஒரு நாள் என்றால், ஷிப்ட் போகிறவருக்கு மாதத்தில் பாதி நாள்கூட வராது. அவர் பகலில் இங்கேதான் தூங்கி எழுந்து தண்ணி குடிக்கிறார். ஆகவே பகலோ இரவோ, இந்த வீட்டில் ஒரு தூக்கம் போட்டால் ஒரு நாள். விருந்தாளி வந்தால் அவர் தூங்கிய நாட்கள் அழைத்து வந்தவர் கணக்கில் சேரும்.

வந்த நாளைக் குறிக்கச் சொன்னால் யாரும் குறிக்க மாட்டார்கள். வராத நாளை மட்டும் குறிப்பது சுலபம். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய மாதக் காலண்டரில், ஊருக்குக் கிளம்பும்போதே அந்தத் தேதிகள் மேல் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டுப் போனால் போதும். குறிக்க மறந்தால் இருந்ததாகவே கணக்கு. இந்த ஒரு வரி இருந்தால் மறதி தானாகக் குறையும்.

அக்டோபரைப் போட்டுப் பார்க்கிறேன். பெரிய அறையில் ஒருவர் 20 நாள். இன்னொருவர் 26 நாள், தம்பி வந்து தங்கிய 4 நாளும் சேர்த்து 30. சின்ன அறை 31. ஹால் 19. மொத்தம் 100 நாள். 880-ஐ 100 ஆல் வகுத்தால் நாளுக்கு 8 ரூபாய் 80 காசு. பங்குகள் முறையே 176, 264, 273, 167. சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 220. வித்தியாசம் 50 ரூபாய்க்குப் பக்கம்தான், இதற்குப் போய் காலண்டரா என்று தோன்றலாம். மளிகை, காய்கறிக்கும் இதே நாள் கணக்கு ஓடும். அங்கே வித்தியாசம் ஆயிரத்தைத் தொடும்.

காலண்டரால் இன்னொரு பயனும் உண்டு. 22 கேன் என்றால் 440 லிட்டர், ஆளுக்கு நாளுக்கு 4.4 லிட்டர். குடிக்க மூன்று லிட்டர், மீதி சாதம், சாம்பார், காபிக்கு. அளவு சரி. இது ஐந்தரையைத் தாண்டினால் கேன் தண்ணி வேறு எதற்கோ போகிறது. பெரும்பாலும் அரிசி, பருப்பு களைவதில். முதல் இரண்டு அலசலைக் குழாய்த் தண்ணியிலும் கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணியிலும் செய்தால் மாதம் இரண்டு மூன்று கேன் மிச்சமாகும்.

நவம்பர் 7, வெள்ளி

அக்கா சம்பளம் 8,000. சாப்பிட்ட நாளுக்குக் கொடுக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தப்பான விதி. தீபாவளிக்கு மூன்று பேர் ஆளுக்கு 12 நாள் ஊருக்குப் போய், ஒருவர் மட்டும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் மாதத்தில் 30, 18, 18, 18, மொத்தம் 84. நாள் கணக்கில் இருந்தவர் தலையில் 2,857 விழும், போனவர்களுக்கு 1,714 தான். அவருக்காக அக்கா அதிகமாக எதுவும் செய்யவில்லை. லீவ் கிடைக்காமல் தங்கியதற்கு 857 ரூபாய் தண்டம்.

இந்தத் தண்டம் இரண்டு மாதம் விழுந்தால் அடுத்து வரும் யோசனை, "ஆள் இல்லாத நாளுக்கு அக்கா சம்பளத்தைப் பிடிக்கலாமே." அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். மூன்று பேருக்குச் சமைத்தாலும் நாலு பேருக்குச் சமைத்தாலும் அவர் பஸ் ஏறி வர வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், குக்கர் கழுவ வேண்டும். குறைவது ஒரு ஆழாக்கு அரிசியும் நாலு சப்பாத்தியும். நமக்காக அவர் ஒதுக்கிய நேரத்தை வேறு வீட்டுக்கு விற்க முடியாது. சம்பளம் அந்த நேரத்துக்குத்தான்.

ஆகவே சம்பளத்தை வேளைக்குப் பெயர் கொடுத்தவர்கள் சமமாகப் பிரிக்க வேண்டும். பெயர் கொடுத்த மாதத்தில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பங்கு மாறாது. ஷிப்ட் போகிறவர் இரவுச் சாப்பாட்டை ஆபீசில் முடித்துக்கொள்கிறார், அதனால் அவர் காலை வேளைக்கு மட்டும் பெயர் கொடுக்கலாம். காலைக்கு எவ்வளவு, மாலைக்கு எவ்வளவு என்று நாமே நிர்ணயிப்பதில் அர்த்தமில்லை. அக்காவிடமே கேட்டேன். காலை மட்டும் என்றால் டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து 5,000 என்றார். அப்படியானால் மாலைக்கு 3,000. காலை நாலு பேர், தலைக்கு 1,250. மாலை மூன்று பேர், தலைக்கு 1,000. சின்ன அறைக்கு 1,250, மற்றவர்களுக்கு 2,250.

பெயர் எடுத்தால் மற்றவர் பங்கு ஏறும் என்பதால், மாற்றத்தை 25-ஆம் தேதிக்குள் சொன்னால்தான் அடுத்த மாதத்துக்கு. ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன் பெயர் எடுக்கும் வழி இதோடு அடைபடும்.

நவம்பர் 8, சனி

போனஸ். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதை அக்டோபரில் மொத்தமாக வசூலித்தால், பதினொரு மாதம் சாப்பிட்டுவிட்டு செப்டம்பரில் காலி செய்தவர் எதுவும் தரமாட்டார், அக்டோபர் ஒன்றாம் தேதி வந்தவர் முழுப் பங்கு தருவார். மாதா மாதம் ஒதுக்கிவிட்டால் சரியாகிவிடும். ஒவ்வொருவர் சம்பளப் பங்கிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு: சின்ன அறை 105, மற்றவர்கள் 190. வருடத்துக்கு 8,100 சேரும். காலி செய்பவருக்கு இது திரும்பக் கிடைக்காது, அவர் சாப்பிட்ட மாதங்களுக்கான போனஸ் அது.

கேன் டெபாசிட் வேறு விஷயம். மூன்று கேனுக்கு 600, ஆளுக்கு 150. அதைப் புதிதாக வருபவர் போகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

கடிதம்:

"நண்பர்களுக்கு,

டிசம்பர் 1 முதல் மூன்று பொதுச் செலவுகளை இப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெட் தலைக்குச் சமம். ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. வேகத்தைக் கூட்டச் சொல்பவர் வித்தியாசத்தைத் தருவார்.

தண்ணி நாள் கணக்கு. வீட்டில் ஒரு தூக்கம் ஒரு நாள். இல்லாத நாட்களைக் காலண்டரில் குறிக்க வேண்டும், குறிக்காவிட்டால் இருந்ததாகக் கணக்கு. விருந்தாளியின் நாள் அழைத்தவருடையது.

அக்கா சம்பளம் வேளைக்குப் பெயர் கொடுத்தவர்களுக்குச் சமம். மாற்ற விரும்பினால் 25-க்குள் சொல்லுங்கள். நம்மில் யார் ஊருக்குப் போனாலும், அக்கா உடம்பு சரியில்லாமல் லீவ் எடுத்தாலும் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். போனஸுக்கு மாதாமாதம் ஒதுக்குவோம்.

அக்டோபரை இந்த விதியில் போட்டால் பெரிய அறையில் 2,852, 2,940, சின்ன அறை 1,864, ஹால் 2,843. மொத்தம் 10,499. நான் 12 நாள் ஊரில் இருந்த மாதம் அது. அப்படியும் என் பங்கில் குறைவது தண்ணியில் மட்டும்தான். அது சரி என்றே நினைக்கிறேன்.

பணம் 3-ஆம் தேதிக்குள் சேர வேண்டும், அக்காவுக்கு 5-ஆம் தேதி கையில் கொடுக்க வேண்டும். வசூலிக்கும் பொறுப்பு மாதம் ஒருவர். யாராவது ஒரு மாதத்துக்கு மேல் ஊரிலிருந்தே வேலை பார்க்கப் போனால், 25-க்குள் சொல்லி வேளைப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். நெட் பங்கு மட்டும் தொடரும்.

மாற்ற வேண்டியது இருந்தால் இந்தத் தாளிலேயே ஓரத்தில் எழுதுங்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஃப்ரிட்ஜில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன்."

நவம்பர் 11, செவ்வாய்

ஓரத்தில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது, பெரிய அறையிலிருந்து: "ஞாயிறு அக்கா வராத நாளில் நாமே சமைத்தால் கேஸ் யார் கணக்கு?" நல்ல கேள்வி. சிலிண்டர் அடுப்பு எரிந்தால் குறைகிறது, எரியாவிட்டால் குறைவதில்லை. தண்ணியோடு சேர்த்து நாள் கணக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். மூன்று கையெழுத்து ஆகிவிட்டது. சின்ன அறைக்காரர் ஷிப்ட் முடிந்து காலையில் வருவார்.