சேரும் தேதி தள்ளிப்போனால் ரெக்ரூட்டருக்கு எழுத வேண்டிய முதல் மெயில்

ஆஃபரை ஏற்றுக் கையெழுத்துப் போட்டு, இருந்த வேலையையும் ராஜினாமா செய்த பிறகு வரும் "ஜாயினிங் கொஞ்சம் தள்ளிப்போகுது" என்ற செய்தி பெரும்பாலும் போனில்தான் வரும். அப்போது "சரி, பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். "இந்தத் தேதிக்குள் பணியில் சேராவிட்டால் இந்த ஆஃபர் செல்லாது" என்ற வரி பல லெட்டர்களில் இருக்கும். தேதியைத் தள்ளியது கம்பெனிதான். ஆனால் அது எழுத்தில் வராதவரை, காகிதப்படி சேராமல் போனவர் நீங்கள்.

ஓர் உதாரணம். லெட்டரில் சேரும் நாள் ஜூன் 2. பழைய வேலையில் கடைசி நாள் மே 30. மே 21 அன்று ரெக்ரூட்டர் போன் செய்து, "ஜூன் கடைசியில் பார்த்துக்கலாம்" என்கிறார். ஜூன் 30 என்றே வைத்தாலும் இடையில் முப்பது நாள் சம்பளம் இல்லை. அன்றைக்கே, ஆஃபர் லெட்டர் வந்த அதே மெயில் தொடரில் பதில் எழுத வேண்டும். புதிய மெயிலாக எழுதினால், பின்னால் எச்.ஆரில் வேறொருவர் பார்க்கும்போது ஆஃபரோடு அது சேர்ந்து வராது.

மெயில் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"வணக்கம். இன்று மதியம் போனில் பேசியதற்கு நன்றி. ஜூன் 2 என்று லெட்டரில் உள்ள என் சேரும் தேதியை நிறுவனம் தள்ளிவைத்திருப்பதாகப் புரிந்துகொண்டேன். இந்த வேலையில் சேர நான் உறுதியாக இருக்கிறேன். ஜூன் 2 அன்றே சேரவும் தயார். புதிய தேதி என்ன, தள்ளிவைத்ததற்குக் காரணம் என்ன என்று தெரிவிக்கவும். சம்பளமும் மற்ற விதிகளும் மாறாமல், புதிய தேதியோடு திருத்திய ஆஃபர் லெட்டரை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போதைய வேலையில் என் கடைசி நாள் மே 30. அதை நீட்டிக்கக் கேட்பதா என்று முடிவெடுக்க, மே 26-க்குள் உங்கள் பதில் தேவை."

இதில் "ஜூன் 2 அன்றே சேரவும் தயார்" என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தாமதம் யார் பக்கம் என்பதை, குற்றம் சொல்லும் தொனி இல்லாமலே அது பதிவு செய்துவிடுகிறது. பதிலுக்கான கெடுவையும் உங்கள் கடைசி நாளோடு சேர்த்தே சொல்லுங்கள். "சீக்கிரம் சொல்லுங்கள்" என்பதை ரெக்ரூட்டர் மேலே கொண்டுபோக முடியாது. காரணத்தோடு ஒரு தேதி இருந்தால் அப்படியே ஹைரிங் மேனேஜருக்கு அனுப்பலாம். தேதியைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ரெக்ரூட்டர் அல்ல. அவரிடம் கோபத்தைக் காட்டினால் உள்ளே உங்களுக்காகப் பேசுகிற ஒரே ஆளையும் இழப்பீர்கள். கையில் இல்லாத வேறு ஆஃபரைச் சொல்லி மிரட்டவும் வேண்டாம்.

காரணம் கேட்பது மனச்சமாதானத்துக்காக இல்லை. பின்னணிச் சரிபார்ப்பு முடியவில்லை என்றால் எந்த ஆவணம் நிற்கிறது என்று கேட்டு நீங்களே முடித்துக் கொடுக்கலாம். ப்ராஜெக்ட் தொடங்கவில்லை என்றால், முன்னதாகவே சேர்ந்து பயிற்சியில் இருக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். பட்ஜெட் ஒப்புதல் அல்லது ஆளெடுப்பு நிறுத்தம் என்றால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் அங்கே புதிய தேதியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பதில் வருவதற்குக் காத்திராமல், பழைய மேனேஜரிடம் கடைசி நாளை ஒரு மாதம் நீட்டிக்க முடியுமா என்று அன்றே வாய்வார்த்தையாகக் கேட்டு வையுங்கள். உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்து, கணக்குத் தீர்க்கும் வேலையும் தொடங்கிவிட்டால், அவர் மனம்வைத்தாலும் நடக்காது.

மே 26 வரை பதில் இல்லையென்றால், அதே தொடரில் இரண்டு வரி எழுதி, ஹைரிங் மேனேஜரையும் சேர்த்து அனுப்புங்கள். வரும் பதிலைக் கவனமாகப் படியுங்கள். "ஜூன் 30, திருத்திய லெட்டர் இணைப்பில்" என்று வந்தால், இணைப்பில் சம்பளம், ஜாயினிங் போனஸ், அந்தப் போனஸுக்கான கெடு ஆகியவற்றைப் பழைய லெட்டரோடு வரிவரியாக ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். தேதி மட்டும் மாறி, போனஸ் கெடு பழையபடியே நிற்பது சாதாரணமாக நடக்கும் பிழை. இடைப்பட்ட மாதத்துக்கு ஏதாவது தொகை தர முடியுமா என்று கேட்பதானால், கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கையெழுத்தான பிறகு புதிய தேதிக்கு நீங்கள் சம்மதித்தவர் ஆகிவிடுவீர்கள்.

"விரைவில் தெரிவிக்கிறோம்" என்று மட்டும் வந்தாலோ, தேதி இரண்டாம் முறை தள்ளிப்போனாலோ, அன்றே வேறு இடங்களில் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். அதை ரெக்ரூட்டரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு வாரம் ஒரு மெயில் போதும். ஒவ்வொன்றிலும் புதிய தேதியும் திருத்திய லெட்டரும் மட்டுமே கேள்வியாக இருக்கட்டும்.